'சிறந்து விளங்குகிறார்கள்' என்ற வரிக்குப் பின்னால் எந்தக் கோப்பு இருக்கிறது?

கேள்வி: சிங்கப்பூரில் ஒரு பொறியியல் துறையில் இரண்டு ஆண்டுகளாக விரிவுரையாளராக இருக்கிறேன். அங்கீகார மறுஆய்வுக்கான சுய மதிப்பீட்டு அறிக்கையில் 'தொடர் மேம்பாடு' அத்தியாயத்தை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். போன சுற்றில் எழுதியதைப் படித்த ஒருவர், 'சான்றே இல்லை, விளம்பரம் மாதிரி இருக்கிறது' என்று சொல்லிவிட்டார். இதை எப்படித் திருத்தி எழுதுவது? குறைகளை எழுதினால் அங்கீகாரத்துக்கே ஆபத்து வராதா?

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். அந்தப் பயம் மனத்தில் இருக்கும்வரை முதல் கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் பயன்படாது. விளம்பர நடை பெரும்பாலும் பயத்திலிருந்துதான் வருகிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இங்கே பொறியியல் பட்டப்படிப்புகளின் அங்கீகார வேலையில் இருக்கிறேன். அத்தியாயங்களை எழுதியிருக்கிறேன், மற்ற துறைகளின் வரைவுகளை ஒத்திகை மதிப்பீட்டாளராகப் படித்துக் கேள்வி கேட்டுமிருக்கிறேன். பள்ளிகள், மருத்துவமனைகளுக்கான அங்கீகாரம் வேறு உலகம். நான் சொல்வதைப் பொறியியல் பட்டப்படிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இங்கே பொறியியல் படிப்புகளை அங்கீகரிப்பது சிங்கப்பூர்ப் பொறியாளர் கழகத்தின் கீழ் இயங்கும் பொறியியல் அங்கீகார வாரியம். பொறியியல் பட்டப்படிப்புகளின் அங்கீகாரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2006-இல் சிங்கப்பூர் முழு உறுப்பினரானதிலிருந்து நம் வாரியமும் அமெரிக்காவின் ஏபெட் போன்ற அமைப்புகளும் ஒரே அடிப்படை எதிர்பார்ப்பில் நிற்கின்றன: படித்து முடிக்கும் மாணவருக்கு என்ன செய்யத் தெரியும், அது எப்படித் தெரியவந்தது, அது தெரிந்தபிறகு துறை என்ன செய்தது. ஏபெட்டின் 'தொடர் மேம்பாடு' அளவுகோலை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். கற்றல் விளைவுகள் எந்த அளவுக்கு எட்டப்பட்டன என்பதை அளக்க எழுத்து வடிவில் ஒரு நடைமுறை இருக்க வேண்டும், அந்த முடிவுகளை முறையாக எடுத்து மேம்பாட்டுக்குப் பயன்படுத்த வேண்டும் என்றுதான் அது கேட்கிறது. துறை தனக்கு வைத்துக்கொண்ட இலக்குகள் எல்லாவற்றையும் எட்டியிருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. எட்டாத இலக்கை நீங்களே கண்டுபிடித்து, ஏதாவது செய்து, மறுபடி அளந்திருந்தால், அந்த அளவுகோல் கேட்பதைச் செய்துகாட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நீங்கள் எழுதி, மதிப்பீட்டாளர்கள் வருகை நாளில் கையில் எடுக்கும் தாள் வேறு கதை சொன்னால், அதற்குப் பிறகு மற்ற அத்தியாயங்களையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள்.

சரி, எழுத்துக்கு வருவோம். எனக்குப் பழக்கமான ஒரு துறையில் நடந்ததையே எடுத்துக்கொள்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க எண்களை மாற்றியிருக்கிறேன், நடந்த வரிசை மட்டும் அப்படியே. அறிக்கை ஆங்கிலத்தில்தான் போனது. இங்கே தமிழில் தருகிறேன். முதல் வரைவில் தொடர்பாற்றல் பற்றிய பத்தி இப்படி இருந்தது:

"மாணவரை மையமாகக் கொண்ட உயர்தரக் கல்வியில் எங்கள் துறை உறுதியான ஈடுபாடு கொண்டது. பல்வேறு மதிப்பீடுகள் வழியாக எங்கள் மாணவர்கள் எழுத்துத் தொடர்பில் சிறந்து விளங்குவது உறுதிசெய்யப்படுகிறது. பின்னூட்டத்தின் அடிப்படையில் பாடத்திட்டம் தொடர்ந்து மேம்படுத்தப்படுகிறது."

முதலில் ஒரு சோதனை. துறையின் பெயரை எடுத்துவிட்டு வேறு எந்தத் துறையின் பெயரைப் போட்டாலும் ஒரு வாக்கியம் பொருந்துகிறதா? பொருந்தினால் அது உங்கள் துறையைப் பற்றி எதையும் சொல்லவில்லை. முதல் வாக்கியம் அப்படிப்பட்டது, தயங்காமல் அடித்துவிடலாம். மற்ற இரண்டிலும் வினைச்சொற்களைப் பாருங்கள். 'உறுதிசெய்யப்படுகிறது', 'மேம்படுத்தப்படுகிறது'. யார் செய்தார், எப்போது செய்தார் என்பதற்கு அந்தச் சொற்களில் இடமே இல்லை. ஆங்கிலத்திலும் இதே கதைதான். செய்தவரையும் நாளையும் எழுத முயன்றாலே வாக்கியம் தானாக மாறத் தொடங்கும். எழுத முடியவில்லை என்றால் பிரச்சினை நடையில் இல்லை, நடந்த வேலையில் இருக்கிறது. அதைத் துறைத்தலைவரிடம் அப்போதே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்து, 'சிறந்து விளங்குகிறார்கள்' என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டபோது ஒருங்கிணைப்பாளர் இறுதியாண்டுத் திட்ட அறிக்கையின் மதிப்பெண்களைக் கொடுத்தார். 118 மாணவர்களில் 109 பேர் பி மைனஸ் அல்லது அதற்கு மேல், அதாவது 92 விழுக்காடு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு பாடத்தின் மொத்த மதிப்பெண் ஒரு தனித் திறனுக்குச் சான்றாகாது. அந்தக் கிரேடுக்குள் செய்முறை, கணக்கு, முயற்சி, நேரத்தில் ஒப்படைத்தது, மேற்பார்வையாளரின் தாராளம் எல்லாம் கலந்திருக்கிறது. நல்ல கருவி ஒன்றைச் செய்துவிட்டு அதைப் பற்றி மோசமாக எழுதிய மாணவரும் பி வாங்கியிருக்கலாம். அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் இந்த இடத்தைத்தான் முதலில் தொடுவார்.

நல்லவேளையாக அந்தத் துறையில் திட்ட அறிக்கைக்கு ஒரு ரூப்ரிக் இருந்தது, அதாவது எந்தெந்தத் திறனுக்கு எந்த நிலை தருவது என்று சொல்லும் மதிப்பீட்டு அட்டவணை. ஒவ்வொரு வரிக்கும் நான்கு நிலைகள். மூன்றாம் நிலையிலோ அதற்கு மேலோ 75 விழுக்காட்டினர் வர வேண்டும் என்பது துறை தானே வைத்த இலக்கு. மேற்பார்வையாளர்கள் வருடாவருடம் அதை நிரப்பி ஒப்படைத்திருந்தார்கள், யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. உட்கார்ந்து வரிவாரியாகக் கூட்டினோம். அமைப்பும் ஒழுங்கும் என்ற வரியில் 88 விழுக்காடு. படங்கள், அட்டவணைகளில் 81. 'முடிவுகளைத் தரவோடு இணைத்து, பிழை வரம்பைச் சொல்லி வாதிடுதல்' என்ற வரியில் 118 பேரில் 64 பேர், அதாவது 54 விழுக்காடு. ஒரே அறிக்கைகள், ஒரே ஆசிரியர்கள். 92 என்ற எண்ணுக்குள் இந்த 54 ஒளிந்துகொண்டிருந்தது. மாணவர்கள் அழகாக எழுதுகிறார்கள், ஆனால் தங்கள் அளவீட்டை எவ்வளவு நம்பலாம் என்று எழுதத் தெரியவில்லை. பொறியாளருக்கு இது சின்னக் குறை இல்லை.

இனி மூன்றாவது வாக்கியம்: பின்னூட்டத்தின் அடிப்படையில் மேம்பாடு. இதில் எனக்கே ஒரு கசப்பான அனுபவம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு அத்தியாயத்தில் 'ஆய்வகப் பாடத்தை மாற்றத் திட்டக்குழு முடிவெடுத்தது' என்று எழுதி, கூட்டக் குறிப்பின் தேதியையும் போட்டிருந்தேன். ஒத்திகை நாளில் மதிப்பீட்டாளர் அந்தக் குறிப்பைத் திறக்கச் சொன்னார். திரையில் பெரிதாக வந்தது. 'ஆய்வகப் பாடம் பற்றிப் பேசப்பட்டது, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது' என்று இருந்தது. அடுத்த கூட்டத்தின் குறிப்பைத் திறந்தோம். அதில் ஆய்வகம் என்ற சொல்லே இல்லை. பாடம் உண்மையில் மாறியிருந்தது, நாங்கள் எல்லோரும் அதில் வேலை செய்திருந்தோம். ஆனால் நான் மேற்கோள் காட்டிய தாள் அதைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். சான்றைத் திறந்து, அதில் எந்த வரி என் வாக்கியத்தைத் தாங்குகிறது என்று விரல் வைத்துப் பார்க்காமல் அதன் பெயரை அறிக்கையில் போடுவதில்லை. 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்ற குறிப்பு முடிவுக்குச் சான்று ஆகாது. முடிவு என்றால் என்ன மாற்றம், யார் பொறுப்பு, எந்தப் பருவத்திலிருந்து என்ற மூன்றும் குறிப்பில் இருக்க வேண்டும்.

இந்தத் துறையில் அந்த மூன்றும் இருந்தன. இரண்டாம் ஆண்டு ஆய்வகத்தில் மூன்று சோதனைகளுக்கு, முடிவுரைப் பகுதியை மட்டும் முதலில் வரைவாக வாங்கி, பிழை வரம்பு பற்றிக் குறிப்பெழுதித் திருப்பிக் கொடுத்து, பிறகு முழு அறிக்கை வாங்குவது என்று முடிவெடுத்திருந்தார்கள். அப்புறம் இறுதியாண்டு ரூப்ரிக்கில் அதே வரியை மறுபடி கூட்டினோம். அடுத்த மாணவர் தொகுதியில் 112 பேரில் 68 பேர், 61 விழுக்காடு. பின்னர் வந்த இன்னொரு தொகுதியில் 121 பேரில் 87 பேர், 72 விழுக்காடு.

54, 61, 72. இந்த மூன்று எண்களைப் பார்த்ததும் 'எங்கள் மாற்றம் வெற்றி பெற்றது' என்று எழுதக் கை பரபரக்கும். எழுத வேண்டாம். எது நிச்சயம், எது சந்தேகம் என்று பிரிக்க வேண்டிய இடம் இது. அந்த வரியில் மூன்றாம் நிலையிலோ அதற்கு மேலோ வந்தவர்களின் பங்கு கூடியது என்பது நிச்சயம். ஆய்வக மாற்றத்தால்தான் கூடியதா என்பது சந்தேகம். முதலில் தொகுதிகளைப் பாருங்கள். 61 விழுக்காடு காட்டிய தொகுதி, மாற்றம் வந்தபோது இரண்டாம் ஆண்டைத் தாண்டியிருந்தது. அந்த ஏற்றத்துக்கு ஆய்வகத்தைக் காரணம் காட்ட வழியே இல்லை. 72 காட்டிய தொகுதிதான் புதிய ஆய்வகத்தில் படித்தது. மேலும் அதே ஆண்டில் ரூப்ரிக்கின் அந்த வரியின் சொற்களும் திருத்தப்பட்டன, இரண்டு புதிய மேற்பார்வையாளர்களும் வந்தார்கள். அளவுகோல் மாறினால் எண்ணும் மாறும்.

ரூப்ரிக் பற்றிய சந்தேகத்தைக் குறைக்க ஒரு எளிய வேலை செய்தோம். முதல் தொகுதியின் அறிக்கைகளில் 20-ஐக் குலுக்கிப் பொறுக்கி, பெயரையும் மாணவர் எண்ணையும் மறைத்து, புதிய ரூப்ரிக்கில் அந்த ஒரு வரிக்கு மட்டும் இரண்டு விரிவுரையாளர்களைத் தனித்தனியாக மதிப்பிடச் சொன்னோம். 14 அறிக்கைகளில் இருவரும் ஒரே நிலை கொடுத்தார்கள், மீதி ஆறில் ஒரு நிலை வித்தியாசம். இருவரும் மூன்றாம் நிலையோ அதற்கு மேலோ கொடுத்தவை 11. பழைய 54 விழுக்காடு புதிய சொற்களாலும் பெரிதாக மாறவில்லை என்று தெரிந்தது. 20 என்பது சின்ன எண்ணிக்கை, ஒன்றிரண்டு அறிக்கைகள் இடம் மாறினாலே விழுக்காடு ஐந்து பத்து நகர்ந்துவிடும். ஆகவே அதை ஒரு சரிபார்ப்பு என்று மட்டும்தான் எழுதினோம்.

கடைசியில் அறிக்கைக்குப் போன பத்தி இது:

"இறுதியாண்டுத் திட்ட அறிக்கையின் ரூப்ரிக்கில், முடிவுகளைத் தரவோடு இணைத்து வாதிடும் வரியில் முதல் தொகுதியின் 118 மாணவர்களில் 64 பேர் (54%) மூன்றாம் நிலை அல்லது அதற்கு மேல் பெற்றனர். துறையின் இலக்கு 75%. மற்ற இரண்டு வரிகளிலும் இலக்கு எட்டப்பட்டது (சான்று 4-07). திட்டக்குழு இரண்டாம் ஆண்டு ஆய்வகத்தில் மூன்று சோதனைகளுக்கு வரைவுப் பின்னூட்டத்தைச் சேர்க்க முடிவு செய்தது. பொறுப்பு ஆய்வக ஒருங்கிணைப்பாளர் (சான்று 4-08, பத்தி 5). பின்னர் அளந்த இரண்டு தொகுதிகளில் இந்தப் பங்கு 61%, 72% ஆக இருந்தது (சான்று 4-09). இவற்றில் கடைசித் தொகுதி மட்டுமே மாற்றப்பட்ட ஆய்வகத்தில் பயின்றது. இதே காலத்தில் ரூப்ரிக்கின் சொற்கள் திருத்தப்பட்டன. பழைய அறிக்கைகள் 20-ஐ மறுமதிப்பீடு செய்ததில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை (சான்று 4-10). உயர்வை முழுவதும் ஆய்வக மாற்றத்துக்கு உரியதாகத் துறை கொள்ளவில்லை. இலக்கு இன்னும் எட்டப்படவில்லை. அடுத்த தொகுதியின் முடிவைத் திட்டக்குழு ஆராயும்."

இதில் ஒரு புகழ்ச்சிச் சொல் கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். பழைய பத்தியைவிட நீளம். ஆனால் எண்ணோ முடிவோ வரும் இடங்களில் படிப்பவருக்குத் திறந்து பார்க்க ஏதோ ஒன்று இருக்கிறது. சான்று எண்ணுடன் பத்தி எண்ணும் கொடுத்திருப்பது முக்கியம். 30 பக்கக் குறிப்பைக் கொடுத்துவிட்டுத் தேடிக்கொள்ளுங்கள் என்று விடக் கூடாது.

'இலக்கு இன்னும் எட்டப்படவில்லை' என்ற வரியைத் துறைத்தலைவர் எடுக்கச் சொன்னார். அவர் கவலை நியாயமானது, துறைக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டியவர். நான் அவரிடம் சான்று 4-09-இன் அட்டவணையைக் காட்டினேன். அதில் 72-உம் இருக்கிறது, 75-உம் இருக்கிறது. வரியை எடுத்தாலும் எண் அங்கேயே இருக்கும். மதிப்பீட்டாளர் தானே கண்டுபிடித்தால் நாம் மறைத்தோம் என்றாகும். நாமே சொன்னால் நமக்குத் தெரியும் என்றாகும். வரி தங்கியது. அதற்காகக் குறையை நீட்டி முழக்கவும் தேவையில்லை. 'வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறோம்' என்பது மாதிரியான சொற்களும் தற்புகழ்ச்சியின் மறுபக்கம்தான். எண், இலக்கு, செய்தது, அடுத்தது, அவ்வளவு போதும்.

போன சுற்று வரைவில் விருதுகளும் வேலைவாய்ப்பும் நிச்சயம் இருந்திருக்கும். மூன்று மாணவர்கள் ஒரு போட்டியில் பரிசு வாங்கினால் அது அந்த மூன்று பேரைப் பற்றிய செய்தி. மீதி 115 பேரைப் பற்றி அது எதுவும் சொல்லாது. நம் தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் நடத்தும் பட்டதாரி வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு நல்ல தரவு, ஆனால் அது அளப்பது வேலையும் சம்பளமும். பொருளாதாரம் நன்றாக இருக்கும் ஆண்டில் அந்த எண் ஏறும், உங்கள் மாணவரின் எழுத்து அதே இடத்தில் நிற்கலாம். இப்படியே, 'நான் நன்றாக எழுதக் கற்றுக்கொண்டேன்' என்று மாணவர்களே கருத்தாய்வில் சொல்வது மறைமுகச் சான்று. அதைப் போடலாம், ஆனால் ரூப்ரிக் முடிவுக்குப் பக்கத்தில், துணையாக. அது தனியாக நின்றால் பத்தி மறுபடி விளம்பரமாகிவிடும்.

எதிர்த் திசையிலும் ஒரு தவறு நடக்கும். சான்று வேண்டும் என்றதும் ஒரு வாக்கியத்துக்கு இருபது கோப்புகளை இணைப்பார்கள். ஒரு கூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும், அது அந்தக் கூற்றை நேராகத் தாங்கினால். கோப்புப் பெயரிலேயே என்ன, எப்போது என்று தெரியட்டும். `C4-07_FYP-Rubric_AY1.xlsx` மாதிரி வைத்தால் வருகை நாளில் யாரும் தேடித் திணற மாட்டார்கள். `final_latest2.xlsx` என்ற பெயரில் எது இறுதி என்பது எழுதியவருக்கே இரண்டு மாதத்தில் மறந்துவிடும். மாணவர் பெயரும் எண்ணும் எந்தக் கோப்பிலும் இருக்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் கட்டாயம் எதிர்கொள்வீர்கள். சில இடங்களில் வேலை நடந்திருக்கும், பதிவு இருக்காது. அப்போது யாராவது ஒருவர், பழைய தேதியில் ஒரு கூட்டக் குறிப்பைத் தயாரித்துவிடலாமே என்பார். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். அது பொய் ஆவணம். கோப்பின் உருவாக்கத் தேதி, கூட்டத்துக்கு வந்தவர்களின் பேட்டி என்று எத்தனையோ வழிகளில் அது அவிழும். அதற்குப் பதிலாக இன்று செய்யக்கூடியது ஒன்று உண்டு. பழைய மாணவர் படைப்புகள் பெரும்பாலும் எங்காவது சேமிப்பில் இருக்கும். 25 அறிக்கைகளைக் குலுக்கி எடுத்து, ஒரே ஒரு ரூப்ரிக் வரிக்கு மட்டும் இருவர் மதிப்பிட்டால் ஓர் அறிக்கைக்கு ஆளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் ஆகும். இரண்டு பிற்பகல்களில் முடியும். முடிவை இன்றைய தேதியிட்டு, 'இந்த மறுஆய்வுக்காகப் பின்னோக்கிச் செய்த மதிப்பீடு' என்றே எழுதுங்கள். தொடர்ந்து அளந்து வந்த ஒரு துறையின் பதிவுக்கு அது சமமாகாது, மதிப்பீட்டாளர் அதை ஒரு பலவீனமாகக் குறிக்கவும் கூடும். ஆனால் அந்தத் தாளை அவர் எப்போது திறந்தாலும் அது நீங்கள் எழுதியதையேதான் சொல்லும்.